குவார்ட்டரில் எத்தனை கலோரி?

எடையைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் முதலில் கைவைப்பது காபிக்குப் போடும் சர்க்கரையில்தான். இரவுச் சோறு சப்பாத்தியாகும், பஜ்ஜி நிற்கும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூடிவிட்டால் கணக்கு வேறு. "பீர்தான் தொப்பை போடும், பிராந்தியில சர்க்கரையே கிடையாது" என்பார் ஒருவர். "ஒயின்னா ஒண்ணும் ஆகாது" என்பார் இன்னொருவர். பிராந்தியில் சர்க்கரை இல்லை என்பது உண்மைதான். அதனால் எடை கூடாது என்று முடிவுகட்டுவதில்தான் தவறு இருக்கிறது.

பிராந்தியோ ரம்மோ கரும்பு வெல்லப்பாகிலிருந்து தயாரானாலும், அந்தப் பாகின் இனிப்பு பாட்டிலுக்கு வந்து சேர்வதில்லை. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பிறகு காய்ச்சி வடிக்கும்போது ஆல்கஹால் ஆவியாகி மேலே போகிறது. எஞ்சிய சர்க்கரை ஆவியாகாமல் அடியிலேயே தங்கிவிடுகிறது. நிறத்துக்காகச் சேர்க்கும் கேரமலின் அளவு மிகச் சொற்பம். விஸ்கி, வோட்கா, ஜின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வடித்த பிறகு சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கும் லிக்யூர்கள் மட்டும் விதிவிலக்கு.

சர்க்கரை போய்விட்டது, அதிலிருந்து பிறந்த ஆல்கஹால் நிற்கிறது. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. கொழுப்பின் 9 கலோரிக்கு அது மிகவும் பக்கம். உடலால் ஆல்கஹாலைச் சேமித்துவைக்க முடியாது என்பதால், கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் அதைத்தான் எரிக்கிறது. அதுவரை கொழுப்பு எரிவது வெகுவாகக் குறைகிறது. கூடவே சாப்பிட்ட வறுவலின் எண்ணெய்க்குச் சேமிப்புக் கிடங்குக்குப் போவது எளிதாகிவிடுகிறது.

மதுப் பாட்டில்களில் பெரும்பாலும் கலோரி எண் இருப்பதில்லை. ஆனால் ஆல்கஹால் சதவீதம் கட்டாயம் இருக்கும். அது போதும். குடிக்கும் அளவை மில்லியில் எடுத்து, சதவீதத்தால் பெருக்கி, 18 ஆல் வகுத்தால் ஆல்கஹால் தரும் கலோரி ஏறக்குறைய கிடைத்துவிடும். இந்தியாவில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் என்று இருக்கும். 60 மில்லி லார்ஜ் ஒன்றுக்கு 60 பெருக்கல் 42.8, வகுத்தல் 18 என்று போட்டால் சுமார் 143 கலோரி. 180 மில்லி குவார்ட்டர் முழுவதற்கும் 428.

பீருக்கு வருவோம். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் ஆல்கஹாலிலிருந்து வருவது 180 கலோரி. பீரை வடிப்பதில்லை என்பதால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாவுச்சத்துத் துண்டுகள் அதில் தங்கிவிடுகின்றன. பாட்டிலுக்குச் சுமார் 20 கிராம் என்று கொண்டால் இன்னும் 80 கலோரி, மொத்தம் 260. நாக்குக்கு இனிக்கும் சர்க்கரை இதில் கொஞ்சம்தான், மால்ட்டின் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் காலி செய்துவிடும். நம்மூரில் அதிகம் விற்கும் ஸ்ட்ராங் பீரின் கதை வேறு. 8 சதவீதம் என்றால் ஆல்கஹால் மட்டுமே 289 கலோரி. மாவுச்சத்தையும் சேர்த்தால் 380ஐத் தொடும். 'பீர்' என்ற ஒரே பெயரில் இரண்டு பாட்டில்களுக்கு இடையே 120 கலோரி வித்தியாசம்.

'குறைந்த கார்போ' என்று எழுதிய பீரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த மாவுச்சத்துத் துண்டுகளை நொதி கொண்டு உடைத்து ஈஸ்ட்டுக்குத் தீனியாக்கும் முறை ஒன்று உண்டு. அப்போது மாவுச்சத்து குறையும், அது ஆல்கஹாலாகவும் மாறும். பாட்டிலில் சதவீதம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். 'லைட்' பீர்களில் கலோரி குறைவதற்கு முக்கியக் காரணமே ஆல்கஹால் குறைவாக இருப்பதுதான்.

ஒயினில் பெயரைவிட இனிப்பின் அளவைக் கவனிக்க வேண்டும். 'டிரை' ஒயின் 12.5 சதவீதம் என்றால் 150 மில்லி கிளாஸுக்கு ஆல்கஹால் 104 கலோரி. சர்க்கரை மிகக் குறைவு, மொத்தம் 115 முதல் 120 வரை. போர்ச்சுகலின் அசல் போர்ட் ஒயினில் பாதி நொதித்தலிலேயே பிராந்தியை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுவார்கள். அதனால் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹாலும் 20 சதவீதம் வரை போகும். அதே 150 மில்லி இங்கே 225 கலோரிக்கு மேல், டிரை ஒயினைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இனி மிக்ஸிங். இங்கேதான் சர்க்கரை கணக்கில்லாமல் உள்ளே போகிறது. கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை. வாரம் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிப்பவர் ஒருவர் அதை மூன்று லார்ஜாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 200 மில்லி கோலா ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோலா மட்டும் 600 மில்லி. சர்க்கரை 63 கிராம். கலோரி சுமார் 255. பிராந்தியின் 428ஐச் சேர்த்தால் 680ஐத் தாண்டுகிறது. அதே குவார்ட்டரைத் தண்ணீரிலோ சாதா சோடாவிலோ குடித்தால் 428தான். காபியில் சர்க்கரையை விட்டவர் ஒரு மாலையில் திருப்பிக் குடிப்பது பதினைந்து தேக்கரண்டிச் சர்க்கரை.

டானிக் வாட்டரைச் சோடா என்று நினைப்பவர்களும் உண்டு. குயினைனின் கசப்பு மறைத்துவிடுவதால் அதிலுள்ள இனிப்பு தெரிவதில்லை. சாதாரண டானிக்கில் 200 மில்லிக்கு 16 கிராமைத் தாண்டி சர்க்கரை இருப்பது சகஜம். பழச்சாறு என்பதாலும் கலோரி குறையாது. ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாறு கோலாவுக்கு நெருக்கமாகவே நிற்கும். எலுமிச்சைச் சோடா வேண்டுமென்றால் உப்புப் போட்டது, இனிப்புப் போட்டது என்ற வேறுபாடே முழுக் கணக்கையும் மாற்றும்.

டயட் கோலாவில் கலோரி இல்லை, ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2006 இல் வெளியான ஆய்வொன்று, ஒரே அளவு வோட்காவைச் சர்க்கரை பானத்திலும் செயற்கை இனிப்புப் பானத்திலும் கலந்து கொடுத்துப் பார்த்தது. சர்க்கரை இல்லாத கலவை வயிற்றைவிட்டு வேகமாகக் கிளம்பியது. இரத்தத்தில் ஆல்கஹாலும் அதிகம் ஏறியது. கலோரி மிச்சமான திருப்தியில் அவசரமாகக் குடிப்பவருக்கும், வண்டியில் வந்தவருக்கும் இது முக்கியமான தகவல்.

கணக்கில் அடிக்கடி விடுபடுவது தட்டில் இருக்கும் சைடு டிஷ். 100 கிராம் வறுத்த வேர்க்கடலையில் மட்டும் 570 கலோரிக்குக் குறையாது, ஒரு குவார்ட்டரைவிட அதிகம். ஆல்கஹால் பசியைத் தூண்டுவதால் கை தட்டுக்குப் போவதும் கூடும். வெள்ளரி, கேரட், சுண்டல், வேகவைத்த முட்டை என்று முன்கூட்டியே ஒரு தட்டு எடுத்துவைத்தால் அந்த மாலையின் மொத்தக் கலோரி பாதியாகக்கூடக் குறையலாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஆல்கஹாலை எரிப்பதில் இருக்கும் கல்லீரலால் இரத்தத்துக்குச் சர்க்கரை தயாரித்து அனுப்ப முடியாது. வெறும் வயிற்றில் சோடாவோடு குடித்துவிட்டுப் படுத்தால், பல மணி நேரம் கழித்து விடியற்காலையில்கூட இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். வியர்வையும் நடுக்கமும் உளறலும் அதன் அறிகுறிகள். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் போதை என்று விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. இவர்கள் குடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் பேசிவிடுவது, எந்த மிக்ஸிங் நல்லது என்ற கேள்விக்கும் முன்னால் வர வேண்டியது.