நாள் சொல்லும் பெரியவர்

நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு மாற்றுவதற்குச் சற்று முன், குடும்பப் பெரியவர் ஒருவர் எழுந்து லக்னப் பத்திரிகையை வாசிப்பார். சபைக்கு வணக்கம் சொல்லி, இரு வீட்டாரின் பெயர், ஊர், மணமக்கள் பெயர் ஆகியவற்றை முறையாகச் சொன்ன பிறகே நாளுக்கு வருவார்.

"பெரியவங்க ஆசீர்வாதத்தோட, ஆவணி 20, திங்கட்கிழமை, காலை 9 மணிக்கு மேல் 10.30-க்குள், துலா லக்னத்தில் திருமணம் நடத்த நிச்சயிச்சிருக்கோம். சம்பந்தி வீட்டாருக்குச் சம்மதம்தானே?"

இந்த நேரத்திலும் ஒரு கணக்கு உண்டு. திங்களன்று ராகு காலம் 7.30 முதல் 9 வரை, எமகண்டம் 10.30-க்குத் தொடங்கும். முகூர்த்தம் இரண்டுக்கும் நடுவில் அமைகிறது.

தமிழ்த் தேதியோடு ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் வாசிப்பது நல்லது. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சபையிலேயே யாராவது கவனித்துச் சொல்லிவிடுவார்கள். மண்டபம் பேசும் முன்பே பிழை திருந்திவிடும்.