பேரேட்டில் உறங்கும் கடன்

பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததாகும். அங்குள்ள ஒரு கூட்டாண்மை நிறுவனம் 2022 ஜூன் 10 அன்று ஒரு லட்சம் ரூபாய்க்கு, தவணை எதுவும் பேசாமல், பதனிடும் இரசாயனம் வாங்கியதாகக் கொள்வோம். விற்றவர் கடையை மூடிவிட்டுச் சென்றார். பணம் கேட்டு எவரும் வரவில்லை. அத்தொகை பேரேட்டில் அவர் பெயரிலேயே நிற்கிறது. (ஜி.எஸ்.டி.க்குத் தனி விதிகள் உண்டு. அதனை இங்கு விடுத்தோம்.)

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி விற்ற சரக்கின் விலைக்கு வழக்கிட மூன்றாண்டுகளே உண்டு. எனவே 2025 ஜூனில் வழக்குரிமை முடிகிறது. ஆனால் கடன் அழிவதில்லை. நீதிமன்றக் கதவு மட்டுமே அடைபடுகிறது. அக்காலத்திற்குள் நிறுவனத்தார் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருப்பின் மூன்றாண்டுகள் அந்நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஐந்தொகையில் இடம்பெறும் பதிவும் அத்தகைய ஒப்புதலாகலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆதலின் கொள்முதல் தேதியை மட்டும் பார்த்து நாள் எண்ணுவது பிழையாகும்.

காலம் முடிந்தாலே அத்தொகை வருமானமாகிவிடுமா? சுகௌலி சர்க்கரை ஆலை வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் ‘ஆகாது’ என்றது. கடனாளி தன்னிச்சையாகக் கணக்கில் மாற்றி எழுதுவதாலும் பொறுப்பு ஒழியாது என்றது. அது பழைய ஆண்டொன்றின் வரி பற்றிய வழக்கு. இதற்கிடையே, 1997 ஏப்ரல் முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 41(1) பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டிருந்தது. அதன்படி, கடனாளி தாமே கணக்கில் கடனை நீக்கி எழுதினாலும் அது வருமானமாகும். அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கொள்கையைக் கைவிடவில்லை.

நம் தமிழ்நாட்டு நிறுவனமாகிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் வழக்கு இதனினும் ஒருபடி மேற்செல்வது. வாடிக்கையாளர் கேட்டு வாங்காத வரவு நிலுவைகளை அந்நிறுவனம் இலாபக் கணக்கில் சேர்த்தது. ஆயினும் அது வருமானமன்று என வாதிட்டது. வணிகத்தின் போக்கில் வந்த பணம் காலப்போக்கில் வணிகருக்கே சொந்தமானபின் அது வருமானமே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் கணக்கில் இலாபமென்று எழுதிவிட்டு வரி அதிகாரியிடம் மறுப்பது எடுபடாதென்பது நியாயமாகவே தோன்றுகிறது.

நம் நிறுவனத்துக்கு வருவோம். வேறு ஒப்புதல் எதுவுமின்றி, 2026 மார்ச்சில் அக்கடனை நீக்கி எழுதினால், விற்றவர் கணக்கில் பற்று, வருமானக் கணக்கில் வரவு. வரி 30 விழுக்காடு, அதன்மேல் 4 விழுக்காடு தீர்வை. ஆக 31,200 ரூபாய். இது புதுச் சுமையன்று. வாங்கிய ஆண்டில் அந்த ஒரு லட்சமும் செலவாகக் கழிக்கப்பட்டு வரி குறைந்தது. கொடாத செலவின் சலுகை இப்போது திரும்புகிறது. அதனாற்றான், முன்பு செலவாகக் கழிக்கப்படாத இயந்திர விலையின் பாக்கியை 41(1) தொடுவதில்லை.

விற்றவர் பிற்காலத்தில் வந்து நிற்க, நிறுவனத்தார் மனமுவந்து கொடுத்தால், கொடுத்த ஆண்டில் அதனைச் செலவாகக் கோர இடமுண்டு. முன்பு வரி செலுத்திய சான்றைப் பாதுகாத்திருக்க வேண்டும்.