முழு உருவப் படமும் மாறாத முகமும்

நிபோங் திபால் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர் சிலர், தம் ஊர்த் தோட்டப்புற வாழ்வைப் பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரு சிறு கதைநூலாக்க முற்பட்டனர். கதைத் தலைவி பால்மரம் வெட்டும் ஒரு பெண். இருள் பிரியாத வேளையில் நீண்டகைச் சட்டையும் கைலியும் அணிந்து, தலையில் துணி கட்டி, நெற்றியில் விளக்கும் கையில் வாளியுமாக வீட்டைவிட்டுப் புறப்படுபவள். பன்னிரண்டு படங்களிலும் அவள் தலை முதல் கால்வரை தெரிய வேண்டும். பன்னிரண்டிலும் அவள் ஒருத்தியாகவே இருக்க வேண்டும். ஓவியர் எவரும் இல்லாமையால் செயற்கை நுண்ணறிவுப் படக்கருவியைக் கையாண்டோம்.

அப்போது ஒரு மாணவி தன் பாட்டியின் பழைய நிழற்படம் ஒன்றைக் கொணர்ந்தாள். படப்பிடிப்பு நிலையத்தில் பட்டுச்சேலையுடன் இடுப்பளவில் எடுத்த படம் அது. “பாட்டியும் மரம் வெட்டியவர்தாம். இந்தப் படத்திலேயே உடையை மாற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டாள். ஆக, வழிகள் இரண்டாயின. சொற்களால் விவரித்து உருவத்தை முற்றிலும் புதிதாகப் பெறுவது ஒன்று. இருக்கும் படத்தைத் திருத்துவது மற்றொன்று.

முதலில் புதிதாக்கும் வழியைப் பார்த்தோம். கேட்ட உடையில் கேட்ட நிலையில் உருவம் கிடைத்தது. சட்டையின் நிறம், கைலியின் கட்டம், நிற்கும் கோலம் எல்லாம் நம் விருப்பம். இரண்டாம் படத்திலோ வேறொரு பெண் வந்து நின்றாள். தொடக்க எண்ணை, அதாவது `Seed` என்னும் கட்டத்திலுள்ள எண்ணை, மாற்றாமல் வைத்தால் முகமும் மாறாது என்று மாணவர்கள் நம்பியிருந்தனர். அந்த எண் தொடக்கத்தில் இடப்படும் புள்ளிச் சிதறலை மட்டுமே நிலைநிறுத்துகிறது. ‘நிற்கிறாள்’ என்பதை ‘குனிகிறாள்’ என்று மாற்றிய அளவில் அச்சிதறலிலிருந்து உருவம் திரளும் பாதையே மாறிவிடுகிறது. ‘முப்பது வயதுத் தமிழ்ப்பெண், வட்டமுகம்’ என்னும் விவரிப்புக்குப் பொருந்தும் முகங்கள் எண்ணிறந்தவை. கருவி ஒவ்வொரு முறையும் அவற்றுள் ஒன்றைத் தருகிறது. நாம் சொன்னதை அது மீறவில்லை.

முழு உருவத்திற்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற கருவிகள் படத்தை நேரடியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய ஓர் உள்வடிவத்தில் வேலை செய்து, இறுதியில் அதை விரிக்கின்றன. 512 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உள்ள படத்தில் ஒருவர் முழுமையாக நின்றால் அவர் தலை ஏறத்தாழ 95 புள்ளி உயரமே இருக்கும். உள்வடிவத்தில் அது பன்னிரண்டு கட்டம். ஒரு கண்ணுக்கு ஓரிரு கட்டங்களே மிஞ்சும். இவ்வளவு சிறிய இடத்தில் ஒருவரின் சாயல் எங்ஙனம் தங்கும்? மார்பளவுப் படத்தில் அழகாக வரும் முகம் முழு உருவத்தில் கலங்குவதற்குக் காரணம் இதுதான். புதிய கருவிகள் பெரிய படங்களைத் தருகின்றன. ஆயினும் உடலுக்கும் முகத்திற்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. இதற்கு மாற்று, முழு உருவத்தை முதலில் பெற்று, முகப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, தனியே மீண்டும் உருவாக்கி, உரிய இடத்தில் பொருத்துவது.

இனித் திருத்தும் வழி. பாட்டியின் படத்தில் சேலைப்பகுதியைத் தூரிகையால் மறைத்து, அவ்விடத்தில் சட்டை வருமாறு பணித்தோம். முகம் அப்படியே நின்றது. ஆனால் சட்டை சேலையைப் போலவே தோளில் சரிந்து வந்தது. மறைப்பைச் சேலையின் ஓரத்தை ஒட்டியே வரைந்ததன் விளைவு அது. மறைத்த பகுதியின் வடிவம் புதிய உடையின் வடிவத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே மறைப்பைச் சற்று வெளியேயும் படரவிட வேண்டும். படரவிட்டால் பின்னணியும் கழுத்தும் மாறத் தொடங்கும். மாற்றத்தின் அளவைக் குறிக்கும் `Denoising strength` என்பதும் அத்தகையதே. சுழியிலிருந்து ஒன்றுவரை செல்லும் அவ்வெண்ணை 0.3 அளவில் வைத்தபோது பட்டின் நிறமும் சரிகையும் சட்டையில் ஒட்டிக்கொண்டன. 0.9க்கு உயர்த்தியபோது சரிகை மறைந்தது. பாட்டியின் தோளகலமும் மறைந்தது.

படத்தில் இல்லாத கால்களைக் கருவி புனைந்தே தந்தது. நிலையத்து விளக்கொளி முகத்தின் இடப்புறமிருந்து விழ, புனைந்த உடலுக்கோ ஒளி மேலிருந்து வந்தது. பழைய படத்தின் சொரசொரப்பு இடுப்பில் நின்றுவிட, அதன்கீழ் வழவழப்பான கைலி. உற்று நோக்காதவர்க்கும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும்.

மறைக்காமல் விட்ட முகமேனும் மாறாதிருந்ததா என்று சோதித்தோம். கிம்ப் மென்பொருளில் மூலப்படத்தின்மேல் திருத்திய படத்தை வைத்து `Difference` என்னும் முறையைத் தேர்ந்தால், மாறாத இடம் முழுக் கருமையாகத் தெரியும். முகத்தில் மெல்லிய சாம்பற்கோடுகள் தெரிந்தன. சுருக்கி விரிக்கும்போது முழுப்படமும் சிறிது இழப்புக்குள்ளாகிறது. எனவே மூலத்தின் முகப்புள்ளிகளை இறுதியில் மீண்டும் ஒட்டியாக வேண்டும். சில கருவிகள் இதைத் தாமே செய்கின்றன, சில செய்வதில்லை. சொல்லால் ஆணையிட்டு ‘உடையை மட்டும் மாற்று’ என்னும் புதிய கருவிகளுட் பல படம் முழுவதையுமே புதிதாக ஆக்கித் தருகின்றன. அவற்றுக்கு இச்சோதனை இன்னும் தேவை. திருத்திய படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தினால், நகலுக்கு நகல் எடுத்தாற்போல, ஐந்தாம் முறையில் அது வேறொருவர் முகமாகிவிடும். ஒவ்வொரு முறையும் மூலத்திற்கே திரும்ப வேண்டும்.

நாம் கண்டது இது: சாயல் சொற்களில் தங்குவதில்லை, மாற்றாமல் காத்த புள்ளிகளில் தங்குகிறது. ஓவியருலகில் இதற்கொரு சான்று உண்டு. திருவள்ளுவரின் முகத்தைக் கண்டவர் எவருமிலர். கே. ஆர். வேணுகோபால் சர்மா கற்பனையில் தீட்டி, 1964இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்ட ஓவியம் ஒன்றைப் பலரும் மூலமாகக் கொண்டமையால், இன்று எப்பள்ளிச் சுவரில் கண்டாலும் வள்ளுவரை அடையாளம் காண்கிறோம்.

அம்முறையையே மேற்கொண்டோம். தலைவியை ஒரே ஒரு முறை புதிதாக உருவாக்கினோம். வெற்றுப் பின்னணியில், நேர்நின்ற முழு உருவமாக. முகத்தைத் தனியே செம்மைப்படுத்தினோம். பின்னர் முன்தோற்றம், பக்கத்தோற்றம், குனிந்த தோற்றம் என மூன்றை அம்மூலத்திலிருந்தே திருத்திப் பெற்றோம். பன்னிரண்டு படங்களும் இந்நான்கிலிருந்து பிறந்தன. இருபது படங்களைக் கொண்டு கருவிக்கே அவளைப் பயிற்றுவிக்கும் முறையும் உண்டு. ஆனால் இருபதிலும் ஒரே சட்டை இருந்தால், கருவி சட்டையையும் முகத்தின் உறுப்பாகக் கற்றுக்கொள்ளும். கோயிலுக்குச் செல்லும் காட்சியிலும் அவள் அச்சட்டையோடுதான் நிற்பாள். உடையை மாற்றி மாற்றிக் காட்டுவதும், ஒவ்வொரு படத்தின் குறிப்பிலும் உடையைப் பெயர் சொல்லிக் குறிப்பதும் அங்கே இன்றியமையாதவை. பன்னிரண்டு படத்திற்கு அவ்வளவு உழைப்பு வேண்டாம் என விட்டுவிட்டோம்.

பாட்டியின் படத்தை என்ன செய்வது என்பதில் மாணவர்களிடையே கருத்து வேறுபட்டது. உடை மாற்றிய படத்தை அம்மாணவி வீட்டில் காட்டியபோது, அவள் தாயார், “முகம் அம்மாவுடையதுதான். ஆனால் அம்மா இப்படி நின்றதில்லை” என்றாராம். பொருந்தாத ஒளியை நாம் சரிசெய்துவிட்ட பின்னர் அவர் சொன்னது அது. கால்களும் நிற்கும் கோலமும் கருவியின் கற்பனை என்பதை மகள் கண்டுகொண்டார். நூலின் முதற்பக்கத்தில் பட்டுச்சேலையுடன் இருக்கும் அந்நிழற்படத்தையே, இடுப்பளவிலேயே, ஒரு புள்ளியும் மாற்றாமல் அச்சிட்டோம். கதைத் தலைவி அடுத்த பக்கத்தில் வேறொரு முகத்தோடு வருகிறாள். அவள் படத்தின் அடியில் ‘கணினியில் உருவாக்கியது’ என்று குறித்துள்ளோம்.