செருகுமுன் உள்ளே பாருங்கள்

ஆறாந் தரத்துப் பிள்ளைகள் கணினிக்கூடத்துள் முதன்முதலாகக் காலடி வைக்கும் நாளில், எமது கல்லூரியின் கணினிப் போதனாசிரியர் அவர்களுடைய கையில் ஓர் ஒற்றைத் தாளைக் கொடுக்கிறார். அதில் பதினொரு வாசகங்களும் ஒரு படமும் உள்ளன. "வீட்டிற் கொண்டுபோய் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்" என்று மேலே எழுதியிருக்கிறது. சாவிப்பலகை, சுட்டி, வடங்கள் வந்து பொருந்தும் துறைகள் ஆகியவற்றை எவ்வாறு கையாள வேண்டும் என்பதே தாளின் பொருள். ஏனையவை எவரும் எளிதில் உணரக்கூடியவை. ஆயின் நான்காம் வாசகம் மட்டும் எம்மைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டது. அது இதுதான்:

"செருகி நுழையாவிட்டால் அமுக்காதீர்கள். வெளியே எடுங்கள். துறையின் உள்ளே பாருங்கள். இரண்டு விரலால் தள்ளப் போகாதது உள்ளங்கையால் தள்ளவும் போகாது."

சுட்டி, சாவிப்பலகை, பென்டிரைவ் முதலியன இன்று பெரும்பாலும் யு.எஸ்.பி. எனப்படும் தட்டையான செருகியாலேயே கணினியோடு இணைகின்றன. இம்முறை 1996ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளிவந்தது. செருகியின் அகலம் 12 மில்லிமீற்றர், உயரம் 4.5 மில்லிமீற்றர். வெளியே நோக்கினால் மேலும் கீழும் ஒன்றுபோலவே தோன்றும். சங்கடம் முழுவதும் இந்த ஒற்றுமையிலிருந்தே பிறக்கிறது. உண்மையில் அதன் உலோகக் கூட்டின் ஒரு பாதியைப் பிளாஸ்டிக் கட்டை அடைத்துக்கொண்டிருக்கும், மறுபாதி வெறுமையாயிருக்கும். துறையினுள்ளோ ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு நீண்டிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் நான்கு சிறு உலோகத் தகடுகள் பதிந்திருக்கும். செருகியின் வெற்றிடத்துள் இந்த நாக்குச் சென்று அமர்ந்தால்தான் தகடும் தகடும் தொட்டுக்கொள்ளும். மாறிப் பிடித்துச் செருகினால் கட்டையும் நாக்கும் நேருக்கு நேர் மோதுகின்றன. அவ்வேளை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால், வளைந்து கொடுப்பது செருகியின் இரும்புக் கூடன்று, துறையின் நாக்கே.

இருபுறமும் பொருந்தும்படி முதலிலேயே அமைத்திருக்கலாகாதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. இம்முறையை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர் இன்டெல் நிறுவனத்திற் பணியாற்றிய அஜய் பட் என்னும் இந்தியப் பொறியியலாளர். அவ்வாறு அமைப்பதாயின் கூடுதலான கம்பிகள் தேவைப்பட்டிருக்கும், செலவும் இரட்டித்திருக்கும் என்று அவர் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். மலிவாயிருந்தமையாலேயே அது உலகெங்கும் பரவியது. அந்த மலிவின் விலையை எமது கணினிக்கூடங்களின் நாக்குகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன!

செருகியின் ஒரு முகத்தில் மூன்று கிளையுள்ள சூலம்போன்ற குறி பொறித்திருக்கும். துறை கிடையாக இருக்கும் மடிக்கணினிகளிற் பெரும்பாலும் அக்குறி மேல்நோக்க வேண்டும். ஆயின் கூடத்து மேசைக்கணினிகளின் பெட்டி நிமிர்ந்து நிற்பது. அதன் துறைகள் சிலவேளை நெடுக்காக இருக்கும். பெட்டியோ மேசைக்கடியில் இருட்டில் இருக்கும். அங்கே சூலக் குறி துணைசெய்யாது. ஆகவேதான் தாள் "உள்ளே பாருங்கள்" என்கிறது. நாக்கு எப்பக்கம் ஒட்டியிருக்கிறதோ, செருகியின் வெற்றிடமும் அப்பக்கம் இருக்க வேண்டும். இந்த ஒரு விதி எத்திசையில் அமைந்த துறைக்கும் பொருந்தும்.

பாராமற் செருகுவதால் வரும் வேறொரு கேடும் உண்டு. யு.எஸ்.பி. துறைக்கு அருகிலேயே வலையமைப்பு வடத்துக்கான சதுரத் துறையும் இருக்கும். இரண்டின் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. தடவித் தடவிச் செருகும் பிள்ளையின் கையில் சுட்டியின் செருகி அதற்குள்ளும் இலகுவாகப் போய்விடும்; சரியாகப் பொருந்திற்று என்ற எண்ணத்தையும் தந்துவிடும். அதனுள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் வில்போல் நிற்கின்றன. அவை மடிந்துவிட்டால், பின்னர் உரிய வடத்தைச் செருகினாலும் துறையோரத்துச் சிறு விளக்குகள் எரியா. எரிந்தாலும் இணைப்பு விட்டுவிட்டு வரும். சுட்டி இயங்கவில்லை என்ற முறைப்பாடு ஒரு நாள். இணையம் வரவில்லை என்ற முறைப்பாடு மறுவாரம். இரண்டுக்கும் காரணம் ஒன்றென்று எவருக்குத் தோன்றும்?

இனி, இத்தாள் எழுந்த வரலாற்றைக் கூறுவோம். சென்ற ஆண்டு ஒரு காலை, கூடத்தின் ஏழாம் இலக்கக் கணினியில் ஒரு மாணவி தன் குழுவின் செயற்றிட்டம் அடங்கிய பென்டிரைவை முன்புறத் துறையிற் செருகினாள். உடனே திரையில் `Power surge on the USB port` என்ற அறிவித்தல் தோன்றியது. துறையில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்கின்றது என்பது அதன் பொருள். அவள் திகைத்துப் போதனாசிரியரை அழைத்தாள்.

அவர் முதலிற் பென்டிரைவைக் கழற்றி அடுத்த கணினியிற் செருகினார். அது திறந்தது, கோப்புகளும் பழுதின்றி இருந்தன. ஆகவே குற்றம் துறையிலே. கணினியை நிறுத்தி, சுவரிலிருந்த மின்செருகியையும் கழற்றிவிட்டு, ரோச் லைற் வெளிச்சத்தில் உள்ளே நோக்கினார். நாக்கு அடியிலே வெடித்துச் சாய்ந்திருந்தது. நான்கு தகடுகளில் ஓரத்திலிருந்த ஒன்று கிளம்பி, வெளிக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரத்துத் தகடுகள் இரண்டுமே மின்சாரம் கொண்டுவருபவை. நடுவிலுள்ள இரண்டும் தகவலைக் கொண்டுசெல்பவை. 5 வோல்ற் மின்சாரம் வரும் தகடு நிலத்தொடுப்புள்ள கூட்டைத் தொட்டதால் மின்னோட்டம் குறுக்குவழியிற் பாய்ந்தது. கணினியின் காவலமைப்பு அதனைக் கண்டு துறையை அடைத்துவிட்டது. காவல் இருந்தமையால் தாய்ப்பலகை தப்பியது. எல்லாக் கணினிகளிலும் அக்காவல் இவ்வளவு விழிப்பாயிருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

விசாரித்தபோது, முதல் நாள் ஒரு சிறுவன் சுட்டியை அத்துறையில் மாறிச் செருகி அழுத்தினான் என்பதும், ஏதோ முறிந்த ஓசை கேட்டதும் ஒருவருக்கும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான் என்பதும் தெரியவந்தன. அன்றும் மறுநாளும் அவன் கல்லூரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் தாயாரோடு வந்தான். தாயார் சேலைத் தலைப்பில் முடிந்து சிறிது பணமும் கொண்டுவந்திருந்தார். "கொம்பியூட்டர் முழுக்கப் பழுதாப் போச்செண்டு அழுகிறான், சேர். எவ்வளவு எண்டாலும் கட்டித் தாறன்" என்றார் அவர்.

பணம் தேவைப்படவில்லை. முறிந்தது முன்புறத் துறையாதலால், அது தாய்ப்பலகையிற் பற்றாசு வைத்துப் பொருத்தப்பட்டதன்று. உள்ளே ஒரு சிறு வடத்தினால் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டது. போதனாசிரியர் பெட்டியைத் திறந்து அவ்வடத்தை உருவிவிட்டார். முன்புறத் துறைகள் இரண்டும் செயலிழந்தன. கணினி வழமைபோல் இயங்கியது. துறைகளின் வாயைக் கடதாசி ஒட்டி மூடினார். முறிந்தது பின்புறத் துறையாயின், பழைய பற்றாசை உருக்கியெடுத்துப் புதிய துறையைப் பொருத்த வேண்டும். அது கைதேர்ந்தவரின் வேலை. தாளின் ஆறாம் வாசகம் இவ்வனுபவத்திற் பிறந்ததே: "அடிக்கடி செருகிக் கழற்றுவதை முன்புறத்திற் செருகுங்கள். சாவிப்பலகையும் சுட்டியும் பின்புறத்திலேயே இருக்கட்டும். அவற்றைக் கழற்ற வேண்டாம்."

இதில் ஒரு கணக்கும் உண்டு. இவ்வகைத் துறை குறைந்தது 1500 முறை செருகிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. பாடசாலை ஆண்டுக்கு 200 நாள் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் சுட்டியைக் கழற்றி வைக்கும் வழக்கமுள்ள கூடத்தில், நாளுக்கு ஐந்து வகுப்பாயின், ஒன்றரை ஆண்டில் அத்தொகை முடிந்துவிடும். நாளுக்கு ஒருமுறையாயின் ஏழரை ஆண்டு செல்லும். சுட்டிகளைக் கழற்றிப் பெட்டகத்திற் பூட்டுவது பாதுகாப்பு என்று எண்ணும் அதிபர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

ஐந்தாம் வாசகம்: "முறிந்தாலும் வளைந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். அடி விழாது." எமக்கு இதுவே தாளின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. சிறுவன் அன்றே சொல்லியிருந்தால் அந்த மாணவியின் பென்டிரைவ் அபாயத்துக்குள்ளாகியிராது. கிளம்பிய தகடு கூட்டைத் தொடாமல் பக்கத்துத் தகவற் தகட்டைத் தொட்டிருந்தால், பென்டிரைவே கருகியிருக்கக்கூடும். தாளின் மேலே துறையின் நாக்கையும் செருகியின் வெற்றிடத்தையும் காட்டும் படம் இருக்கிறதே, அதனை வரைந்தவன் அச்சிறுவன்தான். முறிந்த துறையைக் கையிற் கொடுத்து, பார்த்து வரையும்படி போதனாசிரியர் பணித்தாராம்.

ஒரு வாசகத்தில் மட்டும் நாம் சற்றுத் தயங்கினோம். "கணினி இயங்கும்போது எந்த வடத்தையும் கழற்றாதீர்கள்" என்கிறது ஒன்பதாவது. யு.எஸ்.பி. செருகியைப் பொறுத்தவரை இது வேண்டியதன்று. அதன் மின்சாரத் தகடுகள் தகவற் தகடுகளிலும் சிறிது நீளமானவை. எனவே செருகும்போது மின்சாரம் முந்திச் சேரும், கழற்றும்போது பிந்தி விலகும். இயங்கும் கணினியிற் செருகுவதற்கென்றே அவ்வாறு அமைத்தார்கள். பென்டிரைவ் எழுதிக்கொண்டிருக்கையில் மட்டும் கழற்றலாகாது. ஆயினும், நன்கொடையாக வந்த பழைய கணினிகளில், ஊதா நிறத்திற் சாவிப்பலகைக்கும் பச்சை நிறத்திற் சுட்டிக்குமாக வட்டத் துறைகள் இன்னும் உள்ளன. அவற்றின் செருகியில் ஊசிபோன்ற ஆறு முனைகள் உண்டு. அவை இயக்கத்திற் கழற்றிச் செருகுவதற்கென அமைந்தவையல்ல. இருவகையும் கலந்திருக்கும் கூடத்திற் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு விதி சொல்வதிலும் ஒரு விதி சொல்வது மேல் என்ற போதனாசிரியரின் விடையை ஏற்றுக்கொண்டோம்.

சாவிப்பலகையில் தேநீர் சிந்தினால் உடனே கழற்றிக் கவிழ்த்து வையுங்கள், சுட்டியின் வடத்தை அதன் கழுத்தில் இறுக்கிச் சுற்றாதீர்கள் என்பனவும் தாளில் உள்ளன. இறுகச் சுற்றிய வடம் கழுத்தடியிலேயே உள்ளே அறும்; வடத்தை அவ்விடத்தில் மெல்ல அசைக்கும்போது சுட்டி விட்டுவிட்டு இயங்கினால் அதுவே அடையாளம்.

தாளில் இல்லாத ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறோம். 2014ஆம் ஆண்டு வெளிவந்த முட்டைவடிவச் செருகி இப்பொழுது கைத்தொலைபேசிகளில் உள்ளது. அது எப்புறமும் பொருந்தும். மாறிச் செருகும் தொல்லை இல்லை. ஆனால் அதன் துறையின் நடுவிலுள்ள நாக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. மின்னேற்றும்போது பிள்ளை படுத்துக்கொண்டு தொலைபேசியை நெஞ்சில் நிறுத்திப் பார்த்தால், பாரம் முழுவதும் அந்நாக்கின் மேல் விழும். செருகி முன்போல் முழுவதும் உட்செல்லாமல் தளர்ந்து நின்றால், நாக்கு முறிந்ததென்று உடனே முடிவுசெய்ய வேண்டியதில்லை. சட்டைப்பையின் பஞ்சு அடியிலே திரண்டிருக்கக்கூடும். தொலைபேசியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்திற் பார்த்து, மரப் பற்குச்சியால் மெல்லக் கிளறியெடுங்கள். ஊசியோ ஊக்கோ வேண்டாம்.