பழைய ஓட்டின்மேல் புதிய ஓடு

குளியலறைத் தரையின் பழைய ஓடுகளை உடைத்தெடுக்காமல், அவற்றின்மேலேயே புதியனவற்றை ஒட்டலாம் என்றதும், "எடை தாங்குமா?" என்ற கேள்விதான் வீட்டுக்காரரிடமிருந்து முதலில் எழும். ஏழடிக்கு ஐந்தடி அளவுள்ள அறை ஒன்றை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். அதன் தரைப்பரப்பு ஏறத்தாழ 3.25 சதுர மீட்டர். எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடும் அதன்கீழ்ப் பூசும் ஒட்டுப்பசையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவில் வரும். ஆக மொத்தம் 80 கிலோ. நான்கு வாளித் தண்ணீரின் எடை. வீட்டுக் குளியலறைத் தளம், தன் எடையும் பூச்சுகளின் எடையும் போக, சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குப் புழக்கச் சுமையையும் தாங்க வேண்டும் என்று இந்தியக் கட்டடத் தரநெறி வகுத்திருக்கிறது. நல்ல நிலையிலுள்ள கான்கிரீட் தளத்துக்கு இந்தக் கூடுதல் எடை பெரிதன்று. மரச்சட்டங்களின்மேல் அமைந்த பழங்காலத் தளமாயின் கதை வேறு. அங்கே பொறியாளர் பார்க்காமல் ஓர் ஓட்டையும் கூட்டலாகாது.

சுவரிலும் எடை ஒரு தடையன்று. நல்ல ஒட்டுப்பசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ அளவுள்ள இழுவிசையைத் தாங்கும். சதுர மீட்டருக்கு 25 கிலோ என்பது அதன் முன் தூசு. அப்படியிருந்தும் சுவரோடுகள் கழன்று விழுவதைப் பார்க்கிறோம். வெப்பத்தால் விரிவதும் குளிர்ந்து சுருங்குவதும், ஈரம் உறிஞ்சி ஓடு சிறிது பருப்பதும் ஓட்டின் விளிம்பில் விசையைக் குவித்துப் பிடிப்பை அறுக்கின்றன. புதிய ஓடு எவ்வளவு உறுதியாக ஒட்டினாலும், பழைய ஓடு தன் சாந்தைப் பற்றியிருக்கும் அளவுக்குத்தான் நிற்கும். எனவே பழைய ஓட்டின் பிடிப்பே முதன்மையான கேள்வி.

அதை அறியக் காதே கருவி. மரச் சுத்தியாலோ நாணயத்தாலோ ஒவ்வோர் ஓட்டையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஓசை பிடிப்பைக் காட்டும்; வெற்றிடத்தின் எதிரொலி போன்ற ஓசை பிடிப்பு விட்டதைக் காட்டும். முன்னாளில் கொத்தனார்கள் ஓட்டின் முதுகில் அங்கங்கே சாந்து உருண்டை வைத்து அழுத்திவிட்டதும் உண்டு. அத்தகைய இடங்களில் மூலைகள் வெறுமையாகவே ஒலிக்கும். ஒன்றிரண்டு ஓடுகள் மட்டும் அப்படி ஒலித்தால் அவற்றைப் பெயர்த்து, குழியை நிரப்பிவிட்டுத் தொடரலாம். தொடர்ச்சியாக ஒரு பகுதியே ஒலித்தால் உடைப்பதே வழி.

பிடிப்பு நன்றாக இருந்தாலும் உயரம் குறுக்கே நிற்கலாம். ஓடும் பசையுமாகத் தரை 12 மில்லிமீட்டர் ஏறும். அறைத்தரைக்கும் குளியலறைத் தரைக்கும் இடையே 20 மில்லிமீட்டர் தாழ்வு இருந்தால் எட்டு மிஞ்சும். பத்தே இருந்தால் தண்ணீர் அறைக்குள் வரும். கதவின் அடியை அறுக்க வேண்டும், நீர்ப்போக்கியின் வாயை உயர்த்த வேண்டும், தரையில் நிற்கும் கழிவறைப் பீங்கானைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். அதைச் சுற்றி ஓட்டை வெட்டி ஒட்டுவது சோம்பல் வேலை. தவிரவும், பழைய தரையின் வாட்டம் பிழையாயிருந்தால் புதியதும் அந்தப் பிழையையே வாங்கிக்கொள்ளும். மெல்லிய பசைப் படலத்தால் அதைத் திருத்த இயலாது.

இவை யாவும் கண்ணுக்கும் அளவுகோலுக்கும் தெரிபவை, தெரியாதது ஈரம். கீழ்வீட்டுக் கூரையில் கறையோ உப்புப் பூப்போ தென்பட்டால், நீர்ப்போக்கியை அடைத்து, அறையில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஒருநாள் விட வேண்டும். கறை விரிந்தால் தளத்தின் நீர்த்தடுப்பு பழுதாகியிருக்கிறது. விரியாவிடில், குழாய்களை அடைத்தும் திறந்தும் தனித்தனியே சோதிக்க வேண்டும். முதல் வகைப் பழுதில் மேலே ஒட்டுவது பழுதை மூடுமே தவிர நீக்காது. ஓட்டின் இடைக்கோடுகள் வழியே நீர் தொடர்ந்து இறங்கி, தளத்தின் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

பழுதில்லை என்று தெளிந்தபின், ஒட்டும் முறைக்குக் கவனம் தேவை. வெறும் சிமெண்ட் கலவை கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாய் வளர்ந்தே பிடிக்கும். பளபளப்பான மேற்பூச்சில் அத்துளைகள் இல்லை. ஆகவே பூச்சைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சோப்புப் படிவு நீங்கக் கழுவி, ஓட்டின்மேல் ஓடு ஒட்டுவதற்கென்றே நெகிழ்திறப் பாலிமர் கலந்து விற்கப்படும் பசையையே பயன்படுத்த வேண்டும்.

தரை மட்டும் பழுதாகிச் சுவர்கள் நலமாக இருக்கும் வீடுகளுக்கு நடுவழி ஒன்றுண்டு. தரையை முழுமையாக உடைத்து நீர்த்தடுப்புச் செய்து, சுவரில் மேலேயே ஒட்டலாம். ஆனால் சுவரின் அடிவரிசை ஓட்டையும் பெயர்த்தே ஆக வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு தரையிலிருந்து சுவர்மேல் ஒரு சாண் ஏறியிருந்தால்தான் மூலை வழியே நீர் இறங்காது.