பாட்டி புடவையைப் படிக்கத் தெரியுமா?

மயிலாப்பூரில் அண்மையில் ஒரு சிறிய பட்டுப்புடவைக் கடை திறந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் கடைக்காரப் பெண்மணி பேச எழுந்தார். புது வரவுகளைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். அவரோ ஒரு பழைய அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். வாடிக்கையாளர் ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த புடவை அது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு அதைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டே தொடங்கினார்.

“பாட்டி புடவைன்னா நம்ம எல்லாருக்கும் கண்ணு கலங்கும். ஆனா அந்தப் புடவையில என்ன இருக்குன்னு உட்கார்ந்து பார்த்திருக்கோமா? இன்னைக்கு இந்தப் புடவைய நாம எல்லாரும் சேர்ந்து படிக்கலாம்.”

குடும்பக் கதை துணியில் இருக்கிறது என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

முதலில் நீளத்தைக் காட்டினார். ஆறு கஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் இருக்கும். மடிசார் கட்டும் ஒன்பது கஜம் எட்டு மீட்டரைத் தாண்டும். இந்தப் புடவை ஐந்தரை மீட்டர்தான். ஆனால் தறியிலிருந்து இறங்கும்போது இது ஆறு கஜம் இல்லை என்றார். முந்தானைப் பக்கம் நெசவு முறையாக முடிந்திருந்தது. இடுப்பில் செருகும் பக்கமோ கத்தரியால் வெட்டி, மடித்து, கையால் தைத்திருந்தது. தையல் நூல் பருத்தி, அதன் நிறமும் புடவையோடு ஒட்டவில்லை. கடையில் வாங்கும்போது ஒரு புடவை இப்படி முடிந்திருக்காது. ஆக, ஒன்பது கஜமாக இருந்ததில் மூன்று கஜத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

அந்த மூன்று கஜம் எங்கே போனது? அதே அரக்கில், அதே கரையோடு ஒரு சிறுமியின் பட்டுப்பாவாடை அந்தக் குடும்பத்தின் பெட்டியிலேயே கிடைத்ததாம். அதையும் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார். பாவாடையின் அடிப்பகுதிக்கு மேலே, குறுக்காக மூன்று மெல்லிய கோடுகள் ஓடின. பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கும்போது இரண்டு மூன்று ‘டக்’ பிடித்துவைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை இறங்கும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த பட்டு வெளிச்சம் படாமல் அடர்ந்தே இருக்கும். வெளியே இருந்தது சற்று வெளுத்திருக்கும். அந்த நிற வேறுபாட்டைத்தான் கோடாகப் பார்த்தோம். மூன்றும் பிரிக்கப்பட்டிருந்தன என்றால், அந்தப் பெண் பல ஆண்டுகள் இதைக் கட்டியிருக்கிறாள். பாட்டி மடிசாரை விட்டு ஆறு கஜத்துக்கு மாறியது எந்தக் காலத்தில் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்தப் பாவாடை தைத்தது தன் அம்மாவின் பள்ளிக்கூட நாட்களில் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். இரண்டு துணியையும் சேர்த்துவைத்துப் பார்த்தபோது பாட்டி மாறிய காலமும் பிடிபட்டுவிட்டது.

அடுத்து முந்தானையின் ஒரு மூலை. அங்கே பழுப்பேறிய ஒரு சின்னக் கறை. புதுப்புடவையின் மூலையில் மஞ்சள் தடவிக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெளிச்சம் பட்டால் மஞ்சள் மங்கிவிடும், சோப்பின் காரம் பட்டால் சிவந்து பழுப்பாகும். இந்தக் கறை பழுப்பாக இருந்ததிலிருந்து, யாரோ ஒருமுறை சோப்புப் போட்டு அதை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள் என்றார் அவர். பழைய பட்டைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது, “இந்தக் கறை போகுமா?” என்பதைத்தான். எந்தக் கறை என்று தெரிந்துகொள்ளாமல் அவர் அதைத் தொடுவதில்லையாம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் தீற்றலும் ஒரே பெட்டியில் அழுக்கு என்று போடக்கூடியவை அல்ல.

பிறகு கரைக்கு வந்தார். காஞ்சிபுரம் நெசவின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில், ரம்பப் பல் போல ஒரு வரிசை. இதைக் கோர்வை என்கிறார்கள். சாதாரணப் புடவையில் ஒரே நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும். அதனால் ஊடை நூலின் நிறம் கரையிலும் கலந்துவிடும். கோர்வையில் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. இரண்டு ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. உடலின் நிறம் கரைக்குள் போவதில்லை, கரையின் நிறம் உடலுக்குள் வருவதில்லை. இதற்குத் தறியில் நெய்பவரோடு இன்னொருவரும் உட்கார்ந்து பக்கத்து நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ மனைவியோதான் அந்த இன்னொருவர். ஆக, இந்தப் புடவையில் அணிந்த குடும்பத்தோடு, நெய்த குடும்பமும் இருக்கிறது. ஒருவருடைய வேகத்துக்கு மற்றவர் கை ஈடுகொடுக்காத இடங்களில் பல்வரிசை சற்றுக் கோணியிருப்பதைக் கூட்டத்தில் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

முந்தானை தொடங்கும் இடத்திலும் இதேபோல் ஒரு வேலை. அதற்குப் பிட்னி என்று பெயர். உடலின் பாவு நூல் ஒவ்வொன்றையும் முந்தானை நிறப் பாவோடு பிணைத்து, பழைய பாவை அறுத்துவிடுவார்கள். அதனால் இணைந்த இடம் மெல்லிய குறுக்குக் கோடாக, தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். கோர்வையும் பிட்னியும் இருந்தால் பொறுமையோடு நெய்த கைத்தறிப் புடவை என்று தயங்காமல் சொல்லலாம்.

நிறத்தை வைத்து வயது சொல்ல முடியுமா என்று முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார். ஒரு எல்லைவரை முடியும் என்றார் கடைக்காரர். அவர் சொன்ன உதாரணம் எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கிய நீலம் அது. பாடகியின் பெயரே நிறத்துக்கும் நிலைத்துவிட்டது. உங்கள் வீட்டுப் புடவை அசல் எம்.எஸ். ப்ளூ என்றால், அந்த நீலம் பிறந்ததற்கு முன்னால் அது நெய்யப்பட்டிருக்க முடியாது. அவ்வளவுதான் சொல்லலாம். பிறகு எத்தனை ஆண்டு கழித்து நெய்தார்கள் என்பதை நிறம் சொல்லாது. அந்த நீலத்தை இன்றும் நெய்கிறார்கள். கல்யாணப் புகைப்படமோ கடை ரசீதோ பக்கத்தில் இருந்தால்தான் வயது உறுதிப்படும்.

இனிச் சிக்கலான இடம். அந்த அரக்குப் புடவை மடிப்புகளில் விட்டுப்போயிருந்தது. கரை அப்படியே மின்னுகிறது; உடல் கோடுகோடாக இற்றுக் கிடக்கிறது. பழைய பட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உலோகமல்லவா, கனமானது. அதே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது, மடிப்பு முனையில் பட்டிழை வளைந்தே இருந்து, காய்ந்து, ஒருநாள் அறுகிறது. ஹேங்கரில் தொங்கவிட்டால் கரையின் கனமே உடலை இழுத்துக் கிழிக்கும். மாதக்கணக்கில் தொடாமல் வைக்காமல், ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது பிரித்து, நிழலில் ஆற்றி, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கச் சொன்னார். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை அடைத்துவைக்கும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து ஓரத்தில் போட்டால் போதும், ஜரிகைமேல் எதுவும் படக்கூடாது.

இற்ற உடலை இனி யாராலும் உயிர்ப்பிக்க முடியாது. ரஃபூ போட்டால் ஊசி ஏறும் இடத்திலேயே பட்டு கிழியும். அதனால் அந்தக் குடும்பத்துக்கு அவர் செய்துகொண்டிருந்தது கரை மாற்றுவது. நல்ல நிலையில் இருக்கும் கரையை வெட்டியெடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கும் வேலை. கேட்கச் சுலபம், ஆனால் இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். கோர்வைப் பல்வரிசையை ஒட்டி வெட்டினால், கோத்து நிற்கும் ஊடை பிடிப்பை இழந்து பல் பல்லாகப் பிரிந்துவரும். ஆகவே அரக்கு உடலில் இரண்டு விரல் அகலமாவது விட்டு வெட்டி, அதை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். இரண்டாவது, புதுப் பட்டு முதல் முறை நனையும்போது சுருங்கும், பழைய கரை சுருங்காது. முன்கூட்டியே நனைத்து உலர்த்தாமல் தைத்தால், ஒரே மாதத்தில் கரை ஓரமெல்லாம் சுருக்கம் விழும். மெஷின் தையல் ஜரிகையை வெட்டும், ஆகவே பட்டு நூலால் கைத்தையல்தான்.

எல்லாம் கேட்ட பிறகு, பின்னால் நின்ற ஒரு பெரியவர் கை உயர்த்தினார். “எங்க தெருவுல பழைய ஜரிகைப் புடவை வாங்குறவங்க வராங்கம்மா. நல்ல காசு தராங்க. பெட்டியில இருந்து மக்குறதுக்கு அதைக் கொடுத்துட்டா என்ன?”

“கொடுக்காதீங்கன்னு நான் சொல்லமாட்டேன் ஐயா, காசு வேணுங்கிற வீடு இருக்கு” என்றார் அவர். “அவங்க புடவைக்கு விலை கொடுக்கல. எரிச்சா நிக்கிற வெள்ளிக்குத்தான் விலை கொடுக்குறாங்க. ஜரிகையில வெள்ளி இல்லாம செம்பு இருந்தா பத்து ரூபா கூட வராது. விக்கிறதுக்கு முன்னால மூணே காரியம் பண்ணுங்க. வெயில் நேரா படாத வெளிச்சத்துல முழுப் புடவையையும், கோர்வையையும், முந்தானையையும் போட்டோ எடுங்க. வீட்டுல வயசானவங்ககிட்ட எங்க வாங்கினது, யார் கட்டினது, எதுக்குக் கட்டினதுன்னு கேட்டு எழுதிக்கோங்க. கரையோட ஒரு ஜாண் துணிய வெட்டி அந்தக் காகிதத்தோட வைங்க. அது போதும், இந்த மாதிரி இன்னொரு புடவை நெய்யணும்னா நெசவாளருக்கு ஒரு ஜாண்லயே எல்லாம் தெரியும்.”

பெரியவர் தன் மருமகளைத் திரும்பிப் பார்த்து, பாட்டி புடவை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார். மருமகள் சிரித்துவிட்டு, “பரண் மேல இருக்கு மாமா. ஆனா அதைக் கட்டினது உங்க அம்மாவா, அவங்க மாமியாரான்னு அத்தைக்குத்தான் தெரியும்” என்றாள்.

விழா முடிந்ததும் கடைக்காரர் புது வரவுகளைக் காட்டத் தொடங்கினார். வாங்குகிறவர்களுக்குப் பில்லோடு ஒரு அட்டையும் கொடுக்கிறார்கள். நெய்த ஊர், நெய்தவர் பெயர், தறியிலிருந்து இறங்கிய மாதம், ஜரிகையில் வெள்ளி உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. கீழே வாங்குகிறவர் எழுத மூன்று வரி காலியாக விட்டிருக்கிறார்கள்: யாருக்காக, எந்த நாளுக்காக, முதலில் கட்டியது யார்.