கல்யாணக் கணக்கு: இலை, வாடகை, அட்வான்ஸ்

கல்யாண பட்ஜெட்டில் மூன்று விதமான தொகைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்குவது ஒரு வகை. சாப்பாடு அதில் சேரும். ஐம்பது பேர் வந்தாலும் ஐந்நூறு பேர் வந்தாலும் மாறாதது இன்னொரு வகை. மண்டப வாடகை, மேடை அலங்காரம், மேளம் எல்லாம் அதில் அடங்கும். மூன்றாவது, செலவே இல்லாத பணம். அட்வான்ஸும் டெபாசிட்டும் அப்படிப்பட்டவை. அட்வான்ஸ் என்பது ஏற்கெனவே எழுதிய ஒரு செலவின் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுத்தது. டெபாசிட் என்பது திரும்பி வரவேண்டிய பணம். இந்த மூன்றையும் ஒரே வரிசையில் எழுதி அடியில் கூட்டல் போடும்போதுதான் கணக்கு கெடுகிறது.

மதுரைப் பக்கத்தில் நடக்கிற, நடுத்தர அளவுள்ள ஒரு கல்யாணத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். வீட்டுப் பெரியவர் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறார்: மண்டப வாடகை 1,20,000 ரூபாய். மண்டபத்துக்குக் கொடுத்தது 75,000. சாப்பாடு 450 பேருக்கு, ராத்திரி இலை 280, மதியம் 250, ஆக 530 வீதம் 2,38,500. அலங்காரம், போட்டோ, மேளம் மூன்றும் சேர்த்து 1,52,400. மொத்தம் 5,85,900. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் நோட்டில் நான்கு தவறுகள் இருக்கின்றன.

முதலில் ஆள் கணக்கு. பத்திரிகை எத்தனை அச்சடித்தார்கள் என்பது இங்கே உதவாது. ஒரு பத்திரிகைக்கு ஒரே ஒருவர் வரலாம், ஒரு குடும்பமே வரலாம். அதைவிட முக்கியம், ஒரே கூட்டம் எல்லா வேளையும் சாப்பிடுவதில்லை என்பது. வரவேற்புக்கு வருகிற அலுவலக நண்பர்கள் முகூர்த்தத்துக்கு வரமாட்டார்கள். காலை டிபன் பெரும்பாலும் மண்டபத்திலேயே தங்கியவர்களுக்கும் அதிகாலையில் வந்து சேரும் சொந்தங்களுக்கும்தான். அதனால் சமையல் கான்ட்ராக்டரிடம் பேசும்போது 'எத்தனை பேர்' என்பதைவிட 'எந்த வேளைக்கு எத்தனை இலை' என்பதுதான் கேள்வி. இந்தக் கல்யாணத்தில் பேசியபடி வரவேற்பு விருந்துக்கு 450 இலை, இலைக்கு 280 ரூபாய், அது 1,26,000. காலை டிபன் 250 இலை, 130 வீதம் 32,500. முகூர்த்தச் சாப்பாடு 350 இலை, 250 வீதம் 87,500. சாப்பாட்டுக்கு மொத்தம் 2,46,000. வரி உட்படப் பேசிய விலை இது.

நோட்டில் இருப்பதற்கும் இதற்கும் 7,500 ரூபாய்தான் வித்தியாசம். பார்த்தால் சின்னப் பிசகு போலத் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன. காலை டிபன் 32,500 முழுக்க விட்டுப்போயிருக்கிறது. மதியத்துக்கு 350-க்குப் பதில் 450 போட்டதில் 25,000 கூடுதலாக ஏறியிருக்கிறது. கடைசித் தொகையை மட்டும் ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு வேளைக்கும் இலை, விலை, பெருக்கல் என்று தனித்தனி வரி போட்டால் விட்டுப்போன வேளை உடனே தெரியும்.

இலை விலையில் என்னென்ன அடங்கும் என்பதையும் அந்த வரியின் பக்கத்திலேயே எழுதவேண்டும். தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், பீடா, பரிமாறும் ஆட்கள், வாழை இலை, காஸ் சிலிண்டர் இவையெல்லாம் விலைக்குள் வருகிறதா, வெளியேயா? பாட்டில் வெளியே என்றால் 1,050 இலைக்கும் ஒரு பாட்டில் வைத்தாலே அது ஒரு புதிய செலவு வரி ஆகிவிடும்.

அடுத்து மண்டபம். வாடகை என்று பேசுவது முழுத் தொகை அல்ல. மண்டப வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 1,20,000-க்கு அது 21,600. அதன்மேல் துப்புரவுக் கட்டணம் 8,000. கரண்ட் பெரும்பாலும் மீட்டர்படிதான். சாவி வாங்கும்போது மீட்டரில் 41,350, திருப்பிக் கொடுக்கும்போது 41,950 என்றால் ஓடியது 600 யூனிட். மண்டபக்காரர் யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று பேசியிருந்தால் 12,000. ஆக மண்டபச் செலவு 1,61,600. நோட்டில் இருந்த 1,20,000-ஐவிட இது 41,600 அதிகம். ஏசி ஹால் என்றால் யூனிட் இன்னும் எகிறும். ஜெனரேட்டர் ஓடினால் டீசல் தனி. இந்த இரண்டும் முன்கூட்டித் துல்லியமாகத் தெரியாதவை என்பதால் பட்ஜெட்டில் அவற்றின் பக்கத்தில் 'உத்தேசம்' என்று குறித்துவைப்பது நல்லது.

இனி அந்த 75,000. அதில் 50,000 அட்வான்ஸ், 25,000 டெபாசிட். அட்வான்ஸ் வாடகைக்குள் அடங்கியது. அதைத் தனிச் செலவாக எழுதினால் ஒரே பணத்தை இரண்டு தடவை கூட்டியதாகிவிடும். டெபாசிட் செலவே அல்ல. பெரும்பாலான மண்டபங்களில் கரண்டையும் துப்புரவையும் டெபாசிட்டில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இங்கே 12,000-ம் 8,000-ம் சேர்ந்து 20,000 போக, கைக்குத் திரும்புவது 5,000. இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. மண்டபத்துக்குப் போன பணம் எல்லாவற்றையும் கூட்டி, திரும்பியதைக் கழிக்கவேண்டும். அட்வான்ஸ் 50,000, வாடகை பாக்கி வரியோடு 91,600, டெபாசிட் 25,000, ஆக 1,66,600. அதில் திரும்பிய 5,000 போனால் 1,61,600. மேலே செலவாக வந்த அதே எண். இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு ரசீது விட்டுப்போயிருக்கிறது அல்லது ஒரு தொகை இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

ஆக, சரியான மொத்தம் மண்டபம் 1,61,600, சாப்பாடு 2,46,000, மற்றவை 1,52,400 சேர்ந்து 5,60,000. நோட்டில் இருந்தது 5,85,900. கையில் 25,900 மிச்சம் என்று வீட்டார் நினைத்தால் அது நிம்மதி தரும் செய்திதான். ஆனால் அந்த மிச்சம் எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். இல்லாத செலவு 75,000 ஏறியிருந்தது. இருக்கிற செலவு 49,100 விட்டுப்போயிருந்தது. யாராவது ஒருவர் அட்வான்ஸ் பிழையை மட்டும் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தால் மொத்தம் 5,10,900 என்று இறங்கியிருக்கும். அதை நம்பிப் பணம் புரட்டியிருந்தால் கல்யாண நாளில் ஏறக்குறைய அரை லட்சம் துண்டு விழும். பாதித் திருத்தம் முழுப் பிழையைவிட ஆபத்தாக முடிகிற இடம் இது.

பட்ஜெட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் கூட்டிப் பார்ப்பதுதான் இதற்கு நம்பகமான சோதனை. ஒரு பக்கம் செலவு: எண்ணிக்கையை விலையால் பெருக்கி, மாறாத தொகைகளைச் சேர்த்தது. மறுபக்கம் பணம்: இதுவரை கொடுத்ததும் இனிக் கொடுக்கவேண்டியதும். இந்தக் கல்யாணத்தில் மண்டபத்துக்கு 50,000, சமையலுக்கு 75,000, அலங்காரத்துக்கு 20,000, போட்டோவுக்கு 25,000, மேளத்துக்கு 5,000 அட்வான்ஸ், ஆக 1,75,000. பாக்கி, அதே வரிசையில் 1,11,600, 1,71,000, 40,000, 45,000, 17,400, ஆக 3,85,000. இரண்டும் சேர்ந்தால் 5,60,000. பாக்கித் தொகையை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி எழுதவேண்டும் என்பது இதில் முக்கியம். மொத்தத்தில் அட்வான்ஸைக் கழித்து பாக்கியை நாமே எழுதிக்கொண்டால் இரண்டு பக்கமும் எப்போதும் ஒத்துத்தான் போகும். அது சோதனையே ஆகாது. அலங்காரக்காரர் 'பாக்கி நாற்பத்தைந்து' என்று சொன்னால், ஐயாயிரம் எங்கே என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

பெரும்பாலும் அந்த ஐயாயிரம் சொந்தக்காரர் ஒருவரின் கையில் தொலைந்திருக்கும். மேளத்துக்குத் தாய்மாமா கொடுத்திருப்பார், பூக்காரருக்குச் சித்தப்பா போனில் அனுப்பியிருப்பார். யார், எந்தத் தேதியில், ரொக்கமா போனிலா, ரசீது உண்டா என்ற நான்கும் ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் வேண்டும். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் செலவைப் பங்கிடுகிற கல்யாணத்தில் ஒரே அட்வான்ஸ் இரண்டு வீட்டு நோட்டிலும் ஏறிவிடுவது சகஜம். கணக்கை எழுதுவது ஒரே கையாக இருந்தால் இது நேராது.

கல்யாணம் முடிந்ததும் மாறுகிறவை இரண்டு வரிகள்தான்: யூனிட்டும் இலையும். யூனிட்டுக்கு மீட்டர் சாட்சி. இலையில்தான் வாக்குவாதம் வருகிறது. சாப்பாட்டு ஹாலில் ஒரு பந்திக்கு 120 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டால், வரவேற்பில் மூன்று பந்தி நிறைந்து, நான்காவதில் 118 பேர் உட்கார்ந்தால் 478 இலை. கான்ட்ராக்டரின் ஆள் 510 என்று சொல்லலாம். பிரித்த இலைக்கட்டுகளை வைத்துச் சொல்லும் கணக்கு அது. கிழிந்த இலையும் வீணான இலையும் அதில் சேர்ந்துவிடும். 32 இலைக்கு 280 வீதம் 8,960 ரூபாய் வித்தியாசம். எண்ணப்போவது கட்டா, பந்தியா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே பேசிவிடவேண்டும். மேளக்காரர், போட்டோக்காரர், டிரைவர் ஆகியோரின் சாப்பாடு இலைக் கணக்கில் வருமா என்பதும் அப்போதே முடிவாகவேண்டியது.

குறைந்தாலும் கணக்கு உண்டு. முகூர்த்தத்துக்கு 331 பேர்தான் சாப்பிட்டார்கள் என்றாலும் 350 இலைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தால் 350-க்கும் பணம் கொடுக்கவேண்டியதுதான். சமைத்துவைத்த சாப்பாட்டுக்கு அது நியாயமும்கூட. ஆகவே கூடுதல் இலைக்கு மட்டும் கணக்கு ஏறும்: 28 இலை, 280 வீதம் 7,840. காலை டிபன் பேசிய அளவுக்குள் நின்றிருந்தால் சாப்பாட்டுச் செலவு 2,53,840. அதில் அட்வான்ஸ் 75,000 போக பாக்கி 1,78,840. மொத்தக் கல்யாணம் 5,67,840.

கடைசிப் பந்தி எழுந்ததும் இலை எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, வீட்டார் ஒருவரும் கான்ட்ராக்டரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. மீட்டர் எண்ணை இரண்டு முறையும் போனில் படம் பிடித்துவைக்கவேண்டும். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.